பத்து லிட்டர் கடல் தண்ணீர், ஒரு டம்ளர் உப்பு: உப்பள விளக்கப்படம் ஒன்று உருவான விதம்

மொரீஷியஸின் மேற்குக் கரையில் உள்ள ஓர் உப்பளத்துக்கு வாசலில் வைக்க ஒரு விளக்கப்படம் வேண்டும் என்று கேட்டார்கள். பார்வையாளர்கள் வந்ததும் நின்று பார்க்கிற பலகை அது. A1 அளவு, படுக்கை வாக்கில். கடல் தண்ணீர் எப்படி உப்பாகிறது என்று அதைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும், வழிகாட்டி இல்லாத நாட்களிலும் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அங்கே ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. பதினான்கு புகைப்படங்கள், பதினான்கு கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு பத்தி. தகவலில் எந்தப் பிழையும் இல்லை. மோட்டார் போடுவது, மண் படிய விடுவது, முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி என்று தொடங்கி சலிப்பது, பையில் போடுவது, தைப்பது வரை எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் பலகையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் நிலைமை தெரிந்துவிடும். வருகிறவர்கள் முதல் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு கண் நேராகக் கடைசியில் இருக்கும் உப்புக் குவியலுக்குத் தாவும். அப்புறம் வழிகாட்டியிடம் திரும்பி, "சரி, உப்பு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பார்கள். பலகையில் பதில் சொல்லாமல் விடப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

சொற்கள் அதிகம், படங்கள் அதிகம் என்பது முதல் பார்வையில் தெரிகிற காரணம். மனிதர்களால் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ள முடிவது நான்கு விஷயங்கள் போலத்தான் என்று நெல்சன் கோவன் 2001இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. பதினான்கு அதற்கு ரொம்பத் தூரம். ஆனால் பதினான்கை நான்காகக் குறைத்திருந்தாலும் அந்தப் பலகை பேசியிருக்காது என்பது என் கருத்து. அதில் எல்லாப் படியும் ஒரே அளவு. மோட்டார் சுவிட்சைப் போடுவதும், தண்ணீரில் உப்புக் கல் முளைப்பதும், பையின் வாயைத் தைப்பதும் ஒரே அளவுக் கட்டத்தில் இருந்தன. எது முக்கியம் என்று படம் சொல்லவில்லை. அதைவிட, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே எது மாறியது என்று எங்கேயும் இல்லை. அம்புக்குறி "இதற்குப் பிறகு இது" என்று மட்டும்தான் சொல்லும். "இதனால் இது" என்று சொல்லாது.

அதனால் வரைவதற்கு முன் உப்பளத்தின் வேலையையே முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பாத்தியில் நடப்பது

கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடுகிற உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் 27 கிராம். மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் சார்ந்தவை. மேட்டில் இருக்கும் முதல் பாத்திக்குத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். அங்கிருந்து சரிவில் ஒவ்வொரு பாத்தியாக அது கீழே இறங்குகிறது. பாத்திகள் ஆழமில்லாதவை. வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, மிச்சமிருப்பதன் உப்புச் செறிவு ஏறிக்கொண்டே போகிறது.

இந்தச் செறிவைப் போமே டிகிரியில் அளக்கிறார்கள். ஹைட்ரோமீட்டர் என்கிற கண்ணாடி மிதவையைத் தண்ணீரில் விட்டால், தண்ணீர் கனமாக ஆக ஆக மிதவை மேலே எழும். கடல் தண்ணீரில் அது 3.5 டிகிரி பக்கம் நிற்கும். 25 டிகிரியைத் தாண்டும்போது, தண்ணீரால் இனிமேல் அத்தனை உப்பைக் கரைத்து வைத்திருக்க முடியாமல் கல் முளைக்கத் தொடங்கும். அதற்குள் தண்ணீரின் அளவு ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 30 டிகிரி வரைதான் நல்ல உப்புக்கான நேரம். அதற்கு மேலே விட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும், ஈரத்தை இழுக்கும். அதனால் அந்த எல்லைக்கு முன்பே கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டு உப்பை வாரிக் கரையில் குவிக்கிறார்கள்.

உப்பளத்தில் பல வருடமாக வேலை செய்கிற அக்கா ஒருவரிடம், பலகையில் கட்டாயம் இருக்க வேண்டியது எது என்று கேட்டேன். பேச்சு கிரியோலில்தான் நடந்தது. "உப்பை நாங்க செய்யறது இல்ல தம்பி. தண்ணி போகப் போக உப்பு தானா வரும். எப்ப வடிக்கணும், எப்ப வாரணும், அது தெரிஞ்சா போதும்" என்றார். முதலாளி கொடுத்த பதினான்கு வரிப் பட்டியலில் இந்த இரண்டு முடிவுகளும் தனி வரியாக இல்லை. உள்ளே இருக்கிறவர்கள் தயாரிப்பு முறையைச் சொல்லும்போது இப்படி ஆவது வழக்கம். கையால் செய்கிற எல்லாம் பட்டியலில் வந்துவிடும், தானாக நடப்பதும் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதும் விட்டுப்போகும். உப்பு விஷயத்தில் தானாக நடப்பதுதான் தயாரிப்பே.

எதை அச்சாக வைப்பது

படிகளை எதன்மேல் கோர்ப்பது என்பதுதான் இந்த வேலையில் அதிக நேரம் எடுத்த முடிவு.

முதலில் மனதில் வருவது நேரம். முதல் நாள், பத்தாம் நாள் என்று ஒரு கோடு போடலாம். ஆனால் இங்கே அது பொய்யாகிவிடும். தீவின் நடுவே இருக்கும் மேட்டு நிலம் தென்கிழக்குக் காற்றின் மழையைத் தடுத்துக்கொள்வதால் மேற்குக் கரை காய்ந்து கிடக்கிறது. மேட்டு நிலத்துக் கியூர்பிப்பில் குடை பிடிக்கிற நாளில் மேற்குக் கரைத் தமாரினில் வெயில் அடிக்கும். உப்பளங்கள் அந்தப் பக்கம் இருப்பதும் அதனால்தான். இருந்தாலும் அக்டோபர் வெயிலில் ஆகிற வேகமும் ஜனவரியில் ஆகிற வேகமும் ஒன்றல்ல. நல்ல மழை ஒன்று பெய்தால் 20 டிகிரியில் இருந்த தண்ணீர் பின்னுக்குப் போய்விடும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் உப்பளத்துக்காரர் வானத்தைப் பார்ப்பார். நிலையில்லாத ஒன்றை அச்சாக வைத்து, அதன்மேல் துல்லியமாகத் தெரிகிற கோடுகளை இழுப்பது சரியில்லை.

இரண்டாவது, இடம். பாத்திகளின் வரைபடத்தைப் போட்டு, தண்ணீர் போகும் வழியைக் காட்டலாம். இது பொய் இல்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரி சதுரம். முதல் பாத்திக்கும் கடைசிப் பாத்திக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியாது.

மூன்றாவது, டிகிரி. உப்பளத்துக்காரர்களின் அளவுகோல் அதுதான், அறிவியலாகவும் சரியானது. ஆனால் முதல் முறை வருகிற ஒருவருக்கு 14 டிகிரி என்றால் சூடு என்றுதான் தோன்றும். போமே என்றால் என்ன என்று விளக்க ஒரு கட்டம், அந்த விளக்கத்துக்கு ஒரு படம் என்று பலகை மறுபடி வீங்கும்.

நான்காவது, தண்ணீரின் அளவு. பத்து லிட்டர் ஒரு லிட்டராகிறது. யாருக்கும் விளக்கம் தேவையில்லை. குறைவதைக் கண்ணால் பார்க்கலாம், வீட்டில் குழம்பு சுண்டுவதைப் பார்த்த யாருக்கும் காரணமும் புரியும். நேரம் எவ்வளவு ஆனாலும், மழை வந்து பின்னுக்குப் போனாலும், பத்தில் ஒரு பங்கு ஆகும்போதுதான் உப்பு வரும் என்பது மாறாது. ஆக, பலகை இந்த ஒன்றை மட்டும் காட்டும், மற்ற எல்லாம் இதன்மேல் தொங்கும் என்று முடிவு செய்தேன்.

அச்சு முடிவானதும் பட்டியல் தானாகச் சுருங்கியது. ஒவ்வொரு படியையும் எடுத்து, இதில் தண்ணீரின் அளவோ உப்பின் நிலையோ மாறுகிறதா என்று கேட்டால் போதும். மோட்டார், படிய விடுவது இரண்டும் சேர்ந்து "கடல் தண்ணீர்" ஆயின. பல பாத்திகள் சேர்ந்து ஒரே படியாயின. சலிப்பது, பையில் போடுவது, தைப்பது மூன்றும் வெளியே போயின. அவை நடப்பது உண்மை, ஆனால் அரிசி ஆலையிலும் அதேதான் நடக்கிறது. அவற்றை விற்பனை அறையின் சுவரில் மூன்று புகைப்படமாக வைத்தோம். அங்கே பையைக் கையில் எடுப்பவருக்கு அவை பொருத்தமான இடத்தில் கிடைக்கும்.

முதலாளி விட்டுக்கொடுக்க மறுத்தது ஒன்று உண்டு. காற்றில்லாத நாளில் தண்ணீரின் மேலே மெல்லிய ஏடாக மிதக்கிற உப்புப் பூ. விலை அதிகம் போகிற சரக்கு. "அதைப் போடாம எப்படி தம்பி, அதுக்காகத்தானே பாதிப் பேர் வர்றாங்க" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அது தயாரிப்பின் ஒரு படி அல்ல, கடைசிப் பாத்தியிலிருந்து பிரிகிற கிளை. பிரதான வரிசையில் சேர்த்தால், எல்லா உப்பும் முதலில் பூவாக மிதந்துதான் வரும் என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார். "ஐயா, அதுக்குக் கடையில தனி அட்டை வைக்கலாம், டப்பாவுக்குப் பக்கத்திலேயே" என்றேன். அந்த அட்டையில் இடமும் தாராளமாக இருந்தது, ஒப்புக்கொண்டார்.

ஜாடிகள்

பலகையின் நடுவில் ஒரே அகலமுள்ள கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. முதலாவதில் 10 லிட்டர், அடுத்து 5, பிறகு 1, கடைசியில் சுமார் 300 மில்லி. அகலம் ஒன்றாக இருப்பது அழகுக்காக இல்லை. வட்டமாகவோ நீர்த்துளியாகவோ வரைந்தால் பரப்பளவால் அளவைக் காட்ட வேண்டியிருக்கும், பரப்பை ஒப்பிடுவதில் நம் கண் மோசம். 1984இல் கிளீவ்லண்டும் மெக்கில்லும் செய்த சோதனைகள் இதைக் காட்டின: நீளத்தைப் பரப்பைவிடத் துல்லியமாக மதிப்பிடுகிறோம். துளியாக வரைகிறவர்கள் இன்னொரு இடத்திலும் வழுக்குவார்கள். 10 லிட்டர் துளியின் உயரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து 1 லிட்டர் துளியைப் போட்டால், அகலமும் பத்தில் ஒன்றாகி, பரப்பு நூறில் ஒன்றாகிவிடும். தண்ணீர் சுத்தமாக வற்றிவிட்டது போலத் தெரியும். ஒரே அகல ஜாடியில் இந்தச் சிக்கலே இல்லை. உயரம்தான் அளவு.

பலகையில் 10 லிட்டர் ஜாடியின் தண்ணீர் 40 சென்டிமீட்டர் உயரம். அப்படியானால் 1 லிட்டர் 4 சென்டிமீட்டர், 300 மில்லி 1.2 சென்டிமீட்டர். உப்பு எவ்வளவு? பத்து லிட்டரில் சுமார் 270 கிராம் சோடியம் குளோரைடு இருந்தாலும், ஒரு பகுதி கசப்புத் தண்ணீரோடு போய்விடும். வாரி எடுப்பது கிட்டத்தட்ட 200 கிராம், ஒரு டம்ளர் அளவு. அதே ஜாடியில் அது ஏழு மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெள்ளைப் பட்டையாகத்தான் வரும்.

முதலாளி பதறிவிட்டார். உப்பைப் பற்றிய பலகையில் உப்பு ஒரு கோடு மாதிரி இருக்கிறதே, கொஞ்சம் பெரிதாகப் போடக்கூடாதா என்றார். நான் அதை மாற்றவில்லை. அவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு உப்புதான் என்பதைப் பலகையில் வேறு எதுவும் இத்தனை அழுத்தமாகச் சொல்லாது, உப்பின் விலைக்கும் அதுவே விளக்கம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது: பட்டையைக் கவனிக்காமலே ஒருவர் போய்விடலாம். அதனால் பட்டையிலிருந்து ஒரு மெல்லிய கோடு இழுத்து, பக்கத்தில் பெரிய வட்டத்துக்குள், பாத்தியில் ஒரு பெண் வாருபலகையால் உப்பை இழுக்கும் காட்சியை வரைந்தேன். பலகை முழுவதிலும் மனித உருவம் அங்கே மட்டும்தான். மனித உருவம் இருக்கிற இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். அதை எங்கே வைக்கிறோமோ அங்கே பார்வையை வைக்கிறோம்.

எல்லா ஜாடியிலும் 10 லிட்டர் உயரத்தில் ஒரு புள்ளிக்கோடு உண்டு. இது முதல் பென்சில் வரைவில் இல்லை, சோதித்துப் பார்த்தபோது சேர்ந்தது. வரைவை ஒருவருக்குச் சில நொடி காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்து, "இங்கே என்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்பது என் வழக்கம். புரிந்ததா என்று கேட்கக் கூடாது. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். சொல்லச் சொன்னால்தான் எங்கே தவறாகப் புரிந்தது என்று தெரியும். அப்படிக் கேட்டபோது, ஒரு ஜாடியிலிருந்து அடுத்த ஜாடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். படத்தைப் பார்த்தால் அப்படியும் படிக்கலாம்தான். புள்ளிக்கோட்டையும், கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் "வெயிலும் காற்றும் கொண்டுபோனது" என்ற வரியையும் சேர்த்ததும் அந்தப் பதில் நின்றது. ஜாடிகளுக்கு நடுவே இருந்த அம்புக்குறிகளையும் எடுத்துவிட்டேன். ஊற்றுவது என்ற எண்ணத்தைக் கொடுத்ததே அவைதான்.

இன்னொரு மாற்றம், கடல் தண்ணீரிலிருந்து படிகிற கால்சியம் உப்பான ஜிப்சத்தால் வந்தது. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகும்போது, உப்புக்கு முன்பே ஜிப்சம் வெள்ளையாகப் படியத் தொடங்கும். இத்தாலிய வேதியியலாளர் உசிக்லியோ 1849இல் மத்தியதரைக் கடல் தண்ணீரை வற்றவைத்துப் பதிவு செய்த வரிசை இது. பாத்திகளைத் தனித்தனியாக வைத்து, தண்ணீரை நேரம் பார்த்து அடுத்ததுக்கு மாற்றுவதற்கே இது ஒரு முக்கியக் காரணம். ஜிப்சம் முந்தைய பாத்தியிலேயே நின்றுவிடும், கடைசிப் பாத்தியின் உப்பில் கலக்காது. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. அதற்காக 2 லிட்டர் ஜாடி ஒன்று வரைவில் இருந்தது, அடியில் வெள்ளைப் படிவோடு. ஆனால் பார்த்தவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்ததும் "உப்பு வந்துவிட்டது" என்றார்கள். பிறகு 1 லிட்டர் ஜாடியில் வருவது என்ன என்று குழம்பினார்கள். நிறத்தை மாற்றலாம், பெயர் எழுதலாம். ஆனால் ஒரு தவறான புரிதலைத் திருத்துவதற்காக இன்னொரு விளக்கம் தேவைப்படுகிறது என்றால், அந்தத் தகவல் அந்தப் பலகைக்கு உரியதல்ல. ஜாடியை எடுத்துவிட்டேன். வழிகாட்டியின் குறிப்புத் தாளில் ஜிப்சம் இருக்கிறது, ஏன் இத்தனை பாத்தி என்று யாராவது கேட்டால் அவர் சொல்வார்.

டிகிரி ஒரே இடத்தில் மட்டும் வருகிறது. 1 லிட்டர் ஜாடியில் ஒரு மிதவை, அதன் பக்கத்தில் 25. அக்கா சொன்ன முடிவுகளுக்கு ஜாடிகளின் கீழே இடம் கொடுத்தோம். மூன்றாவது ஜாடியின் கீழே "கல் முளைக்கிறது", நான்காவதின் கீழே "கசக்கும் முன் வடித்துவிட்டு வாருகிறார்கள்". நிறத்துக்கு ஒரே நீலம், எல்லா ஜாடியிலும் ஒரே அடர்த்தி. செறிவு கூடுவதைக் காட்ட நீலத்தை அடர்த்தியாக்கலாம் என்ற யோசனை இருந்தது. ஆனால் அடர்ந்த நீலம் ஆழத்தைத்தான் நினைவூட்டும், கடைசிப் பாத்தியோ கணுக்கால் நனையாத ஆழம்.

பலகை எந்தப் பக்கம் பார்க்கிறது

கணினியில் முடிந்துவிட்டது என்று தோன்றுகிற வேலை, இடத்தில் கொண்டுபோய் வைத்தால் வேறு மாதிரி ஆகும். வாசலில் நின்றால் கடல் வலது பக்கம். தண்ணீர் வலமிருந்து இடமாக வருகிறது. பலகையில் ஜாடிகளோ இடமிருந்து வலமாக. பலகையைப் படித்துவிட்டு நிமிர்ந்து பாத்தியைப் பார்க்கிறவர், முதல் ஜாடியைக் கடைசிப் பாத்தியோடு பொருத்திக்கொள்வார். வழிகாட்டும் வரைபடங்களில் நன்கு தெரிந்த கோளாறு இது. படத்தின் திசையும் இடத்தின் திசையும் ஒத்துப்போகவில்லை என்றால், படம் சரியாக இருந்தும் ஆள் தப்பாகப் போவார்.

ஜாடிகளைத் திருப்பி வலமிருந்து இடமாக வைக்கலாம். ஆனால் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் எதைப் படிப்பவருக்கும் கண் இடமிருந்துதான் தொடங்கும். 300 மில்லியில் தொடங்கி 10 லிட்டருக்குப் போனால் உப்பில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று ஆகிவிடும். கடைசியில் பலகையையே பாதையின் எதிர்ப் பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். அங்கே நின்று பாத்திகளைப் பார்த்தால் கடல் இடது பக்கம். இரண்டு குழி புதிதாகத் தோண்டியதோடு சரி. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. இப்போது ஒவ்வொரு ஜாடிக்கும் நேரே மேலே, ஏறக்குறைய அந்தப் பாத்தியே தெரிகிறது.

மொழிகள்

பலகையில் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டும். மூன்றாவதாகத் தமிழும் நான்காவதாகக் கிரியோலும் சேர்க்க எல்லோருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆனால் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பெயர்ச்சீட்டையும் இன்னொரு முறை எழுதுகிறது. நான்கு ஜாடி, பத்துச் சீட்டு, நான்கு மொழி என்றால் பழைய பலகையின் நெரிசல் வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும். அதனால் படத்தை எண்களாலும் உருவத்தாலும் தனியாகப் பேசும்படி செய்து, சொற்களைத் தனி அடுக்கில் வைத்தேன். அதே படம், கிரியோல் சொற்களோடு ஒரு A4 தாள். தமிழ்ச் சொற்களோடு இன்னொரு தாள். மாலைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலா வரும்போது ஆசிரியர் கையில் கொடுப்பது இது.

இதில் ஒரு நடைமுறை: எந்த மொழியில் சொற்கள் நீளமோ, அந்த மொழியை வைத்து இடத்தை ஒதுக்க வேண்டும். இங்கே அது தமிழ். "கசக்கும் முன் வடித்துவிட்டு வாருகிறார்கள்" ஜாடியின் அகலத்துக்குள் இரண்டு வரியில் அடங்குகிறது என்றால் மற்ற மொழிகள் தானாக அடங்கும். ஆங்கிலத்தில் அமைத்துவிட்டுத் தமிழைத் திணித்தால், எழுத்தைச் சிறிதாக்குவது ஒன்றுதான் வழி. தமிழ் எழுத்துக்குச் சுழிகளும் கீழ்க்கொம்புகளும் இருப்பதால் அது சிறிய அளவில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடத் தாராளமாக இடம் விட வேண்டும். தலைப்பை விரித்துக் காட்ட எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் வழக்கம் ஆங்கிலத்தில் அழகு. தமிழில் அது கால் எழுத்தை முன்னிருக்கும் மெய்யிலிருந்து பிரித்துவிடும், ஆகவே பூஜ்யத்திலேயே விட வேண்டும்.

இந்தத் தீவில் தமிழ் அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் சந்திக்கிற இன்னொன்றும் உண்டு. இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதியை இயக்காத மென்பொருளில் "கெ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், சில சமயம் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு. அச்சகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்றால் அது அப்படியே அச்சாகிவிடும். அதனால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிறகுதான் கோப்பை அனுப்ப வேண்டும். மாற்றியதையும் ஒருமுறை கண்ணால் படிக்க வேண்டும், குறிப்பாக கெ, கே, கொ, கோ வருகிற சொற்களை.

பலகையில் பெயர்ச்சீட்டுகள் ஜாடியின் மேலேயே அல்லது ஒட்டியே இருக்கின்றன. ஓரத்தில் எண் போட்ட விளக்கப் பட்டியல் இல்லை. பட்டியலுக்கும் படத்துக்கும் கண் போய்ப் போய் வருவதில்தான் பாதிக் கவனம் செலவாகும். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிப்பதற்குச் சிறிய எழுத்தும் 24 புள்ளிக்குக் குறையாமல் வைத்தோம். வெளியில் நிற்கிற பலகை என்பதால் நிறத்தையும் யோசிக்க வேண்டியிருந்தது. வெயிலில் மஞ்சளும் மஜெந்தாவும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாங்கும். கடற்கரையில் பழைய விளம்பரங்கள் எல்லாம் நீலமாகத் தெரிவது இதனால்தான். ஆகவே பொருளைச் சொல்கிற எதுவும் சிவப்பையோ மஞ்சளையோ நம்பி இல்லை. சூரியன் மட்டும் மஞ்சள். அது வெளுத்தாலும் வட்டமும் கதிர்களும் கறுப்புக் கோட்டில் நிற்கும்.

பிறகு, உப்புப் பையின் பின்புறத்துக்கும் இதே படம் வேண்டும் என்றார்கள். எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பலகையை அப்படியே சுருக்கினால் எதுவும் தெரியாது. அங்கே இரண்டு ஜாடி மட்டும், 10 லிட்டரும் 1 லிட்டரும், பக்கத்தில் ஒரு டம்ளர் உப்பு. ஏழு மில்லிமீட்டர் பட்டை அந்த அளவில் முடி போல ஆகிவிடும் என்பதால் உப்பை டம்ளராகத் தனியே எடுத்து வைத்தோம். அளவு விகிதம் அங்கே உடைகிறது, அதனால் டம்ளரின்மேல் 200 கிராம் என்று எழுதியாயிற்று.

பலகை நட்ட பிறகு வழிகாட்டியிடம் வருகிற கேள்விகள் மாறியிருக்கின்றன. உப்பு எங்கிருந்து வருகிறது என்று இப்போது அதிகம் யாரும் கேட்பதில்லை. 25 ஆகிவிட்டது என்று எப்படித் தெரியும், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்களாம். மழைக்குப் பலகையில் இடம் கொடுக்கவில்லை, வழிகாட்டி வாயால் சொல்கிறார். 25க்கு மட்டும், பலகையின் காலில் ஒரு தாங்கி அடித்து, உண்மையான ஹைட்ரோமீட்டர் ஒன்றும் இரண்டு உயரக் குவளைகளும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் கடல் தண்ணீர், ஒன்றில் கடைசிப் பாத்தித் தண்ணீர். மிதவையை மாற்றி மாற்றி விட்டுப் பார்க்கலாம்.